90 நொடியில் விமானத்தைக் காலி செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பணியாளர்களுக்கு அவசர வெளியேற்றப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். எங்கே போனாலும், கல்யாண வீட்டில்கூட, இந்த விஷயத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"90 செகண்ட், 90 செகண்ட்னு சொல்றாங்களே, அது எதிலிருந்து எதுவரைக்கும்?"

வெளியேறச் சொல்லும் சமிக்ஞை கிடைத்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கும். பயணிகளும் பணியாளர்களும் விமானிகளும் எல்லாரும் தரையை அடைந்த பிறகுதான் நிற்கும். கதவைத் திறக்கும் நேரம், ஸ்லைடு, அதாவது காற்றடைத்த சறுக்குமரம், ஊதும் நேரம், சீட் பெல்ட்டைக் கழற்றும் நேரம் எல்லாமே அதற்குள் அடக்கம்.

44 பேருக்கு மேல் உட்காரும் எந்தப் பயணிகள் விமானத்தையும் விற்பனைக்கு விடுவதற்கு முன், உற்பத்தியாளர் இதை நிரூபித்தாக வேண்டும். அமெரிக்காவின் எஃப்ஏஏ, ஐரோப்பாவின் ஈயாசா ஆகிய விமானப் பாதுகாப்பு அமைப்புகள் இரண்டுமே இதைக் கேட்கின்றன.

"ஏன் சரியா 90? 100ன்னு வெச்சா என்ன?"

முதலில் 120 நொடிதான் இருந்தது. 1965-ல் அமெரிக்காவில் வந்த விதி அது. அப்போதிருந்த ஸ்லைடுகள் பலவற்றைப் பணியாளர்கள் கையால் எடுத்து மாட்டி, பிறகு ஊத வைக்க வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் தானாகவே விரியும் ஸ்லைடுகள் வந்தபோது அந்த வேலைக்கான நேரம் மிச்சமானது. அதனால் 1967-ல் 90 ஆகக் குறைத்தார்கள்.

வெளியே எரியும் எரிபொருளின் தீ உள்ளே நுழைந்தால், சுமார் இரண்டு நிமிடத்தில் கேபின் முழுவதும் ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளும் நிலை வரலாம் என்பது தீச்சோதனைகளில் தெரிந்தது. 90 நொடி அதற்குள் அடங்குகிறது என்பது உண்மை. ஆனாலும் இந்த எண்ணை "எந்த விபத்திலும் 90 நொடியில் நீங்கள் வெளியே இருப்பீர்கள்" என்ற வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லா விமானங்களையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பதற்கான படிக்கல் அது. கீழே வரும் பல பதில்களுக்கு இந்த வித்தியாசம்தான் அடிப்படை.

"எல்லாக் கதவையும் திறந்துவிட்டு ஓடச் சொன்னா யாரும் ஓடிடுவாங்களே, அதில் என்ன சோதனை இருக்கு?"

எல்லாக் கதவும் திறக்காது. பாதிக் கதவுகளைத்தான் பயன்படுத்த முடியும், எந்தப் பாதி என்பது உள்ளே இருக்கும் யாருக்கும், பணியாளர்களுக்கும்கூட, முன்கூட்டித் தெரியாது. வெளியே தீ இருந்தால் அந்தப் பக்கக் கதவைத் திறக்க முடியாது என்பதால்தான் இந்தப் பாதிக் கணக்கு. கதவருகே இருக்கும் பணியாளர் முதலில் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டும். அந்தக் கதவு ஆகாது என்று தெரிந்தால் வரிசையை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

இருட்டில்தான் நடக்கும். விமானத்தின் சொந்த அவசர விளக்குகள் மட்டும் எரியும். நடைபாதையில் பைகள், போர்வைகள், தலையணைகள் எல்லாம் வேண்டுமென்றே போட்டு வைக்கப்படும். பயணிகளாக வருபவர்களில் குறைந்தது 40 சதவீதம் பெண்கள், 35 சதவீதம் 50 வயதைத் தாண்டியவர்கள், கைக்குழந்தைகளுக்குப் பதிலாக மூன்று பொம்மைகள். கடந்த ஆறு மாதத்துக்குள் இதே மாதிரி சோதனையில் கலந்துகொண்டவர் வரக் கூடாது, பழகியவர் வேகமாகப் போவார் என்பதால்.

"நிஜமாவே எண்ணூறு பேரை உட்கார வெச்சு செஞ்சு பாத்திருக்காங்களா?"

செய்திருக்கிறார்கள். 2006 மார்ச் 26, ஜெர்மனியின் ஹாம்பர்க், இருட்டாக்கப்பட்ட ஹேங்கருக்குள் இரண்டடுக்கு ஏர்பஸ் ஏ380. உள்ளே 853 பயணிகள், 20 பணியாளர்கள். 16 கதவுகளில் எட்டுதான் பயன்பட்டது. 78 நொடியில் விமானம் காலி. ஒருவருக்குக் கால் முறிந்தது, முப்பது பேருக்கு மேல் ஸ்லைடில் உரசிய சிறு காயங்கள்.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 873 பேர், எட்டுக் கதவு, அதாவது ஒரு கதவுக்குச் சராசரியாக 109 பேர். கதவு திறந்து ஸ்லைடு தயாராவதற்கு ஏறத்தாழ 10 நொடி போய்விடும் என்று வைத்தால், மிச்சம் 68 நொடி. அப்படியென்றால் ஒரு கதவு வழியாக ஒவ்வொரு நொடியும் ஒன்றரைப் பேருக்கு மேல் போக வேண்டும். அந்தக் கதவுகள் இருவர் ஒரே நேரத்தில் குதிக்கும்படி அகலமாக இருப்பதாலும், அவற்றின் ஸ்லைடுகளில் இரண்டு தடங்கள் இருப்பதாலும்தான் அது முடிகிறது. ஒரு தடத்தில் ஒருவர் குதித்து சுமார் ஒன்றேகால் நொடிக்குள் அடுத்தவர் குதித்திருக்கிறார். வாசலில் யாராவது ஒருவர் மூன்று நொடி தயங்கினால் அந்தத் தடத்தில் பின்னால் இருக்கும் எல்லாருக்கும் அந்த மூன்று நொடி போகும்.

"ஒரு விமானத்துக்கு எத்தனை கதவு வேணும்னு எப்படி முடிவு பண்றாங்க?"

கதவின் அளவை வைத்து ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. இருப்பதில் பெரியது ஏ வகை. குறைந்தது 42 அங்குல அகலமும் 72 அங்குல உயரமும் வேண்டும். இடமும் வலமுமாக ஒரு ஜோடி ஏ வகைக் கதவுக்கு 110 பயணிகள் வரை ஏற்றலாம். ஏ380-ல் எட்டு ஜோடி இருக்கிறது, பெருக்கினால் 880. ஆனால் மேலே சொன்ன சோதனையில் 853 பேரைத்தான் உட்கார வைத்தார்கள், அதனால் அனுமதியும் 853-ஓடு நின்றது. காகிதத்தில் கணக்கு இடம் கொடுத்தாலும், செய்து காட்டியது எவ்வளவோ அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு கதவுகளுக்கு நடுவே 60 அடிக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கதவுகளை எல்லாம் ஒரு மூலையில் குவித்து எண்ணிக்கையை மட்டும் சரிக்கட்டும் வழி இதனால் அடைபடுகிறது.

"பறக்கும்போது எவனாவது கதவைத் திறந்துட்டா?"

உயரத்தில் பறக்கும்போது முடியாது. பெரும்பாலான கதவுகள் பாட்டிலுக்குள் இருந்து வாயை அடைக்கும் தக்கை மாதிரி, உள்ளிருந்து வெளிப்பக்கம் அழுத்தி உட்கார்ந்திருக்கும். திறக்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் உள்ளே இழுக்கவோ மேலே தூக்கவோ வேண்டும். உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அதை விடாது. ஒரு சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன ஏ வகைக் கதவின் மேல் மொத்த அழுத்தம் சுமார் 11 டன். எந்த மனிதனின் கையும் அதை வெல்லாது.

தரைக்குப் பக்கத்தில் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். 2023 மே மாதம் தென் கொரியாவின் டேகுவில் இறங்கிக்கொண்டிருந்த ஏசியானா ஏர்பஸ் ஏ321-ல், சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஒரு பயணி கதவைத் திறந்தே விட்டார். விமானம் பத்திரமாக இறங்கியது. 2022 டிசம்பரில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட இருந்த விமானத்தில் ஒரு பயணி அவசர வழியைத் திறந்தது நினைவிருக்கலாம், அது தரையில் நின்றபோது. தரையில் சுலபமாகத் திறக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கதவுகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. பறக்கும்போது அழுத்தம்தான் அவற்றின் முக்கியப் பூட்டு.

"சாதாரணமா இறங்கும்போது திறந்தா ஸ்லைடு வரல, அவசரத்துக்குத் திறந்தா மட்டும் வருது. கதவுக்கு எப்படித் தெரியும்?"

கதவுக்குத் தெரியாது. பணியாளர்கள்தான் அதற்குச் சொல்லி வைக்கிறார்கள். விமானம் கிளம்பும்போது "ஆர்ம் டோர்ஸ், கிராஸ் செக்" என்று ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்களே, அதுதான். கதவின் கீழ்ப்பகுதியில் புடைத்துக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் ஸ்லைடு மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல்விளிம்பில் கர்ட் பார் என்ற உலோகக் கம்பி ஒன்று உண்டு. ஆர்ம் செய்வது என்றால் அந்தக் கம்பியை வாசல்படித் தரையோடு இணைப்பது. அதன் பிறகு கதவைத் திறந்தால் கதவு வெளியே போகும், கம்பி தரையிலேயே நிற்கும். ஸ்லைடு பெட்டியிலிருந்து உருவப்பட்டு வெளியே விழும். அந்த இழுப்பிலேயே காற்று பாட்டிலின் வால்வு திறந்துவிடும்.

போயிங் 737-ல் இந்தக் கம்பியைப் பணியாளர் குனிந்து கையால்தான் மாட்டுகிறார். மாட்டியதும் கதவு ஜன்னலின் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டையை இழுத்து விடுவார், வெளியே நிற்பவருக்கு அது எச்சரிக்கை. ஏர்பஸ் கதவுகளில் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் போதும். ஆர்ம் ஆன நிலையில் கைப்பிடியை அசைத்தால் வெள்ளை விளக்கு எரிந்து எச்சரிக்கும்.

மறந்துபோய் ஆர்ம் ஆன கதவைச் சாதாரணமாகத் திறந்துவிடுவதும் நடக்கும். எங்களிடம் பயிற்சி முடித்துப் போன ஒரு பெண் முதல் மாதத்திலேயே இப்படிச் செய்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அடுத்த பயணம் ரத்தானது, ஸ்லைடைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கீழே ஏணி வண்டியோடு யாராவது நின்றிருந்தால் உயிரே போயிருக்கும். கிராஸ் செக், அதாவது எதிர்ப்பக்கக் கதவில் இருப்பவர் வந்து பார்ப்பது, சடங்குக்காக இல்லை.

"அவ்வளவு பெரிய ஸ்லைடு சில நொடியில எப்படி ஊதும்? அந்தக் குட்டி பாட்டில்ல அவ்வளவு காற்றா இருக்கு?"

இல்லை, பெரும்பகுதிக் காற்று வெளியிலிருந்து வருகிறது. பாட்டிலில் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்து உயர் அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். அந்த வாயு ஆஸ்பிரேட்டர் என்ற குழாய்களின் வழியாக மிக வேகமாகப் பீறிடும்போது, சுற்றியிருக்கும் சாதாரணக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு உள்ளே போகும். ஸ்லைடு நிரம்பியதும் ஆஸ்பிரேட்டரில் உள்ள மடல்கள் மூடிக்கொள்ளும். எல்லாக் காற்றையும் பாட்டிலிலேயே அடைக்க வேண்டுமென்றால் அந்த எடையை எந்தக் கதவும் தாங்காது.

விரியத் தொடங்கியதிலிருந்து 6 நொடிக்குள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு முறை நின்றால் போதாது, தொடர்ந்து ஐந்து முறை தவறாமல் செய்து காட்ட வேண்டும். அப்படியும் ஊதவில்லை என்றால் ஸ்லைடின் மேல்விளிம்பில் வலப்பக்கம் சிவப்புக் கைப்பிடி ஒன்று இருக்கும். பயிற்சியில் நாங்கள் ஸ்லைடு வந்ததா என்று பார்க்கும் முன்பே அதை இழுக்கச் சொல்லுவோம். இழுத்ததால் கெடுதல் ஏதுமில்லை, காத்திருந்தால் நொடிகள் போகும்.

"இறக்கை மேல திறக்கிற கதவுல ஸ்லைடே காணோமே?"

தரையிலிருந்து 6 அடிக்கு மேல் உயரம் இருந்தால்தான் ஸ்லைடு கட்டாயம். 737-ல் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடல்களை விமானிகள் கீழே இறக்கிவிட்டால், அதன் மேல் உட்கார்ந்து சறுக்கித் தரைக்கு வந்துவிடலாம். ஏர்பஸ் ஏ320-ல் இறக்கைக்குப் பின்னால் ஒரு ஸ்லைடு ஊதிக்கொண்டு வரும், உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது.

இந்தக் கதவுகளைத் திறக்க வேண்டியவர் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயணிதான். 1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டரில் ஓடுபாதையிலேயே ஒரு 737 தீப்பிடித்தது. 137 பேரில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். இறக்கை மேல் இருந்த கதவு 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள தனிப் பலகை, எந்தப் பிடியை இழுக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. திறந்ததும் அது உள்பக்கமாகச் சாய்ந்து அவர் மேலேயே விழுந்தது. முன்பக்கத்திலும் சமையல் பகுதித் தடுப்புகளுக்கு இடையே இருந்த குறுகிய வழியில் கூட்டம் நெரிந்து நின்றது.

அதற்குப் பிறகு இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் பேராசிரியர் ஹெலன் மியூர் ஒரு பழைய விமானத்தை வைத்துச் சோதனைகள் நடத்தினார். முதலில் வெளியே வரும் பாதிப் பேருக்கு மட்டும் 5 பவுண்டு கூடுதல் பணம் என்று அறிவித்தார். அவ்வளவுதான், ஒழுங்காக வரிசையில் போனவர்கள் இருக்கைகள் மேல் ஏறித் தாவினார்கள், வாசலில் ஒருவர் மேல் ஒருவர் சிக்கி நின்றார்கள். தடுப்புகளுக்கு இடையே உள்ள வழியும், இறக்கைக் கதவுக்குப் போகும் இருக்கை இடைவெளியும் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது அந்தச் சோதனைகளில்தான் தெளிவானது. இன்று எக்சிட் வரிசையில் கால் நீட்ட இடம் அதிகம் இருக்கிறதென்றால், அந்த இடம் உங்கள் காலுக்காக விடப்பட்டதல்ல. 737-ன் பிந்தைய மாடல்களில் அந்தக் கதவு தானாக மேல்நோக்கித் திறந்து நிற்கும், யாரும் தூக்க வேண்டியதில்லை.

"பக்கத்துல தீ எரியும்போது ரப்பர் ஸ்லைடு உருகிடாதா? காத்து பலமா அடிச்சா?"

தீயில் உருகியிருக்கிறது. 1978 மார்ச் 1, லாஸ் ஏஞ்சலிஸில் கான்டினென்டல் டிசி-10 விமானம் புறப்பாட்டைக் கைவிட்டு ஓடுபாதை தாண்டித் தீப்பிடித்தபோது, தீ நேரடியாகத் தொடாத ஸ்லைடுகள்கூட வெப்பத்தாலேயே காற்றிழந்தன. அதற்குப் பிறகுதான் கதிர்வீச்சு வெப்பத்தைத் தாங்கும் சோதனை வந்தது. இன்றைய ஸ்லைடுகள் பல வெள்ளி நிறத்தில் மின்னுவது அலுமினியப் பூச்சால். வெப்பத்தைத் திருப்பி அனுப்பி, சில நிமிடங்களை வாங்கிக் கொடுக்கிறது.

காற்றுக்கும் விதி உண்டு. எந்தப் பக்கமிருந்து 25 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டரில், அடித்தாலும் ஸ்லைடு விரிய வேண்டும், கீழே ஒரே ஒருவர் பிடித்தால் நிலையாக நிற்க வேண்டும். ஆனால் அந்த முதல் ஒருவர் கீழே போயாக வேண்டுமே. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் 777 துபாயில் சக்கரம் மடங்கிய நிலையில் ஓடுபாதையில் மோதியபோது, காற்று சில ஸ்லைடுகளைத் தூக்கி விமானத்தின் உடலோடு ஒட்ட வைத்தது. சில கதவுகளைப் புகை மறைத்தது. இருந்தும் உள்ளே இருந்த 300 பேரும் தப்பினார்கள். சுமார் ஒன்பது நிமிடம் கழித்து நடு எரிபொருள் டேங்க் வெடித்ததில் ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார்.

"ஜப்பான்ல 18 நிமிஷம் ஆச்சே! அப்ப 90 நொடிங்கறது பொய்தானே?"

அந்த 18 நிமிடம், மோதிய நொடியிலிருந்து கடைசி ஆள் இறங்கியது வரையான கணக்கு. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதியது. காவல்படை விமானத்தில் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். ஏ350-ல் இருந்த 379 பேரும் தப்பினார்கள்.

இரண்டாவது பதிலில் சொன்ன வித்தியாசத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். சோதனை பாதிக் கதவுகளை எடுத்துக்கொள்கிறது, இங்கே எட்டில் மூன்றுதான் பயன்பட்டது, முன்பக்கம் இரண்டும் பின்பக்கம் இடது கதவும். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, பணியாளர்கள் மெகாஃபோனிலும் வெறும் குரலிலும் கத்தினார்கள். முன்சக்கரம் உடைந்து மூக்கு தாழ்ந்து நின்றதால் பின்கதவு உயரமாகி, அதன் ஸ்லைடு மிகவும் சரிவாக நின்றது. சக்கரம் உடைந்தாலும் ஸ்லைடின் நுனி தரையைத் தொட்டு நிற்கும் அளவுக்கு நீளம் வேண்டும் என்ற விதி இப்படிப்பட்ட நாளுக்காகத்தான். பின்னால் இருந்த பணியாளர், விமானியிடமிருந்து சொல் வராத நிலையில், தானே பார்த்து அந்தக் கதவைத் திறக்க முடிவெடுத்தார். சோதனைக் கடிகாரம் சமிக்ஞையோடு தொடங்குகிறது. நிஜத்தில் எந்தக் கதவு பாதுகாப்பானது என்று கண்டுபிடிப்பதிலேயே நிமிடங்கள் போகும்.

"லேப்டாப் பை மட்டும்தான், கையிலேயே இருக்கு. எடுத்துக்கிட்டா என்ன ஆகும்?"

ஏ380 கணக்கில் பார்த்த ஒன்றேகால் நொடியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தட்டைத் திறந்து பையை இழுக்க ஐந்து நொடி ஆகும் என்றால், அதற்குள் உங்கள் வரிசையில் நாலு பேர் கீழே போயிருக்கலாம். கையில் பை இருந்தால் இரு கைகளையும் மார்போடு சேர்த்துக் குதிக்க முடியாது. கீழே வரும்போது அது உங்களுக்கு முன்னால் இறங்கியவர் முதுகில் மோதும், பையின் உலோக மூலை ஸ்லைடின் துணியைக் கிழிக்கும். துபாய் விபத்தில் எடுத்த வீடியோவில் மக்கள் பெட்டிகளைத் தேடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. குதிகால் செருப்பைக் கழற்றச் சொல்வதும் ஸ்லைடு கிழியாமல் இருக்கத்தான். வாசலில் உட்கார்ந்து மெதுவாக இறங்காமல் நேராகக் குதிக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக, உட்காரும் நேரம் பின்னால் இருப்பவருடையது.

"சக்கர நாற்காலியில இருக்கற எங்க அம்மா மாதிரி ஆளுங்களை வெச்சு சோதனை பண்ணினாங்களா?"

இல்லை. இது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கும் இடம். சோதனைக்கு வருபவர்கள் நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்கள் மட்டும். குழந்தைகள் இல்லை, கைக்குழந்தைக்குப் பொம்மை. நடக்க முடியாதவர்கள் இல்லை. காரணமும் நியாயமற்றதல்ல. 1991-ல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் எம்டி-11 சோதனையில் 60 வயதுப் பெண் ஒருவர் ஸ்லைடில் கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்துபோனார். சோதனைக்காக ஒருவரை ஊனமாக்கக் கூடாது என்பதால், ஏற்கெனவே சான்று பெற்ற விமானத்தின் புதிய வடிவங்களுக்கு முழுச் சோதனைக்குப் பதில் பழைய தரவுகளை வைத்துக் கணக்கிட்டுக் காட்டவும் அனுமதிக்கிறார்கள்.

உங்கள் அம்மாவோடு பறக்கும்போது, அவரை உட்கார வைத்ததும் பணியாளரைக் கூப்பிட்டு, வெளியேற வேண்டி வந்தால் அவரை எப்படித் தூக்குவது, எந்தக் கதவு வழியாக என்று கேளுங்கள். அப்படிப்பட்ட பயணிக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியது அவர்கள் வேலை. எக்சிட் வரிசையில் அவருக்கு இடம் தர மாட்டார்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம். உங்கள் இருக்கையிலிருந்து முன்னாலும் பின்னாலும் கதவு வரை எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், புகையில் இருக்கை முதுகுகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே அவரைக் கூட்டிப் போகலாம்.